6-க்கும் 7-க்கும் நடுவே மூலம் உண்டு என்று எப்படி நிறுவுவது?

"10 செ.மீ. ஆரமுள்ள மிதவைப் பந்து. அதன் அடர்த்தி கடல்நீரின் அடர்த்தியில் கால் பங்கு. அது எவ்வளவு மூழ்கும் என்ற கணக்கில் h³ − 30h² + 1000 = 0 வந்தது. 6-க்கும் 7-க்கும் நடுவே மூலம் உண்டு என நிறுவ வேண்டும். f(6) பிளஸ், f(7) மைனஸ் என்று காட்டினேன், பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. எதை விட்டேன்?"
– கல்லூரி முதலாண்டு மாணவர், மண்டபம்

நீங்கள் விட்டது ஒரே ஒரு வரி: f(h) தொடர்ச்சியான சார்பு என்பது. சின்ன வரிதான், ஆனால் நிறுவலின் பாரம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

உங்கள் ஊர்க் கடலையே எடுத்துக்கொள்வோம். வள்ளத்தில் இருந்து ஒருவர் தூண்டிலை இறக்குகிறார். ஒரு போட்டோவில் ஈயக்குண்டு தண்ணீருக்கு மேலே இருக்கிறது, அடுத்த போட்டோவில் தண்ணீருக்குள் இருக்கிறது. இடையில் ஒரு நொடி அது நீர்மட்டத்தைத் தொட்டிருக்கும் என்று உறுதியாகச் சொல்வோம். எதை வைத்து? இரண்டு போட்டோவை மட்டும் வைத்து அல்ல. ஈயக்குண்டு மேலே மறைந்து கீழே முளைக்காது என்பது நமக்கு முன்பே தெரியும். f(6), f(7) இரண்டும் அந்தப் போட்டோக்கள் மாதிரி. நடுவில் தாவல் இல்லை என்பதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். அதைத்தான் தொடர்ச்சி என்கிறோம்.

தாவினால் என்ன ஆகும் என்பதற்கு tan x நல்ல உதாரணம். ரேடியனில் tan 1 சுமார் 1.56, tan 2 சுமார் −2.19. குறி மாறிவிட்டது. ஆனால் 1-க்கும் 2-க்கும் நடுவே tan x = 0 ஆகும் இடம் கிடையாது. π/2, அதாவது 1.57-க்குப் பக்கத்தில் வரைகோடு மேலே எல்லையின்றி ஏறி, கீழே வேறு கிளையாகத் தொடங்குகிறது. அச்சை அது வெட்டவே இல்லை. நீங்கள் எழுதிய விடையை அப்படியே tan x-க்கு எழுதினால் தவறான முடிவு வரும். பாதி மதிப்பெண் போனதற்குக் காரணம் இதுதான்.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். ஆர்க்கிமிடீஸ் விதிப்படி பந்தின் எடையும் அது விலக்கிய கடல்நீரின் எடையும் சமம். ஆகவே பந்தின் கன அளவில் கால் பங்கு மூழ்க வேண்டும், அது 1000π/3. h ஆழம் மூழ்கிய பகுதியின் கன அளவு πh²(30 − h)/3. இரண்டையும் சமப்படுத்தினால் உங்கள் சமன்பாடு வருகிறது. விடைத்தாளில் இப்படி எழுதலாம்:

f(h) = h³ − 30h² + 1000 ஒரு பல்லுறுப்புக் கோவை. ஆகவே அது எல்லா மெய்யெண்களிலும், எனவே [6, 7] என்ற மூடிய இடைவெளியிலும், தொடர்ச்சியானது. f(6) = 216 − 1080 + 1000 = 136 > 0. f(7) = 343 − 1470 + 1000 = −127 < 0. எனவே இடைமதிப்புத் தேற்றத்தின்படி 6-க்கும் 7-க்கும் இடையே f(c) = 0 ஆகும் ஒரு c-யாவது உண்டு.

"ஒரு c-யாவது" என்பதைக் கவனியுங்கள். ஒன்றே ஒன்றுதான் என்று தேற்றம் சொல்லாது. அதையும் கேட்டால் வகைக்கெழுவைப் பாருங்கள்: f′(h) = 3h(h − 20). 0-க்கும் 20-க்கும் நடுவே இது குறை எண், சார்பு இறங்கிக்கொண்டே போகிறது, அதனால் இரண்டாம் முறை அச்சை வெட்ட முடியாது. சமன்பாட்டுக்கு இன்னும் இரண்டு மூலங்கள் உண்டு. ஒன்று −6-க்கும் −5-க்கும் நடுவே, மற்றது 28-க்கும் 29-க்கும் நடுவே. பந்தின் விட்டமே 20 செ.மீ. என்பதால் இரண்டும் நமக்கு உதவாது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. குறி மாறவில்லை என்றால் மூலம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். 9x² − 9x + 2 என்பதற்கு x = 0-விலும் 1-லும் மதிப்பு 2 தான். ஆனாலும் நடுவில் 1/3, 2/3 என்று இரண்டு மூலங்கள் இருக்கின்றன.

மூலம் எவ்வளவு என்றும் தேற்றம் சொல்லாது, ஆனால் இடத்தைச் சுருக்க உதவும். f(6.5) = 7.125, f(6.6) = −19.304. குறி மீண்டும் மாறுவதால் மூலம் இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கிறது. இன்னும் சுருக்கினால் 6.52-க்கும் 6.53-க்கும் நடுவே வந்துவிடும். அந்த அளவில் சுமார் 1.07 கிலோ எடையுள்ள பந்து கிடைத்தால், அலை அடங்கிய நேரத்தில் கடலில் போட்டு ஈரக்கோட்டை அளந்து பாருங்கள். பந்தின் வளைவின் மேல் டேப்பை ஓட்டாமல், அடிப்புள்ளியிலிருந்து செங்குத்து உயரத்தை அளக்க வேண்டும். ஆறரை செ.மீ.க்குப் பக்கத்தில் வரும்.