வேலையை விட்ட பிறகும் ஒரு பூட்டு

அன்புள்ள ஐயா,

உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் நான்கு ஆண்டுகள் தர ஆய்வுப் பொறியாளராக இருந்தேன். முறைப்படி நோட்டீஸ் கொடுத்து, காலம் முடிந்தே விலகினேன். புதிய இடத்தில் சேர்ந்ததும் வழக்கறிஞர் நோட்டீஸ் வந்திருக்கிறது. விலகி ஓராண்டு வரை போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாதாம். நான் கையெழுத்திட்டது உண்மை. ஓராண்டுதானே, நியாயம்தான் என்கிறார்கள் நண்பர்கள். நான் வேலையை விட வேண்டுமா?

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

அந்த ஒரு நிபந்தனைக்காக வேலையை விடாதீர்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆம் பிரிவில், சட்டப்படியான தொழிலைச் செய்யவிடாமல் ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. கையெழுத்திட்டதால் அது செல்லுபடியாகிவிடாது. இங்கிலாந்து நீதிமன்றங்கள் தடை எத்தனை காலம், எந்த ஊர் என்று பார்த்து நியாயத்தை எடைபோடும். நம் சட்டத்தில் அந்தச் சலுகை எழுதப்படவில்லை. தொழிலின் நற்பெயரை விற்றவர் அதே தொழிலைக் குறிப்பிட்ட எல்லைக்குள் நடத்தாமலிருக்க ஒப்புக்கொள்வதற்கு மட்டுமே அந்தப் பிரிவு விலக்கு தருகிறது.

1980இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த கிருஷன் முர்காய் வழக்கைப் பாருங்கள். சரக்குகளைச் சோதித்துச் சான்று தரும் நிறுவனத்தில் டெல்லிக் கிளை மேலாளராக இருந்தவர் அவர். பணிநீக்கம் செய்யப்பட்டதும் அதே தொழிலைச் சொந்தமாகத் தொடங்கினார். கடைசியாகப் பணியாற்றிய ஊரில் இரண்டு ஆண்டுகள் போட்டித் தொழில் செய்யக் கூடாது என்பது நிபந்தனை. நிறுவனம் கேட்ட தடை கிடைக்கவில்லை. பணிக்காலத்துக்குப் பிந்தைய தடைக்கு 27ஆம் பிரிவில் இடமில்லை, அதன் நியாயத்தை ஆராயவும் தேவையில்லை என்று நீதிபதி ஏ.பி.சென் தனியே எழுதினார்.

ஆனால் 1967இன் கோலிகாரி வழக்கு எதிர்த்திசையில் போனது. டயர் நூல் ஆலை ஊழியர் ஒருவர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் நடுவிலேயே போட்டி நிறுவனத்துக்குப் போனார். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவரைத் தடுத்தது சரி என்றது நீதிமன்றம். நீங்கள் நோட்டீஸ் காலத்தை முடித்தே வந்ததால் அது உங்களுக்குப் பொருந்தாது.

இதில் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த ஓராண்டுக்கு நிறுவனம் சம்பளம் தருகிறதா? தர ஆய்வு தெரிந்தவர் அந்த ஓராண்டு வேறென்ன வேலைக்குப் போவார்? நிறுவனம் காக்க வேண்டியது அதன் வரைபடங்களையும் விலைப்பட்டியலையும். உங்கள் கையும் மூளையும் அதன் சொத்தல்ல.

ரகசியக் காப்பு நிபந்தனை மட்டும் வேறு கதை. அது விலகிய பின்னும் நிற்கும். எனவே நோட்டீஸை மறுபடி படியுங்கள். வேறிடத்தில் சேர்ந்ததை மட்டும் குற்றமாகச் சொல்கிறதா, கோப்புகளை எடுத்துச் சென்றதாகவும் சொல்கிறதா? பழைய ஆய்வு அறிக்கைகள் உங்கள் மின்னஞ்சலிலோ பென் டிரைவிலோ இருந்தால் அவற்றைப் பயன்படுத்தாதீர்கள், பதற்றத்தில் அழிக்கவும் வேண்டாம். முதலில் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். நியமன ஆணையையும் பணியிலிருந்து விடுவித்த கடிதத்தையும் அவரிடம் கொடுத்து, கெடுவுக்குள் பதில் அனுப்பச் சொல்லுங்கள்.