அடிக்குறிப்பு போட்டாயிற்று, அப்புறம் என்ன? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மாத்தூர் தொட்டிப்பாலம் பற்றிய கட்டுரையை முடித்துவிட்டேன். அனுப்பும் முன் ஒவ்வொரு தகவலையும் மூலத்தோடு ஒத்துப் பார்க்கச் சொல்கிறார் நெறியாளர். அடிக்குறிப்பு எல்லாம் போட்டாயிற்றே சார், இன்னும் எதைப் பார்ப்பது?
(ஆய்வு மாணவி, மார்த்தாண்டம்)

பதில்: நீங்கள் அனுப்பிய முதல் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம்: "1966-இல் முதலமைச்சர் காமராஜர் கட்டிய, ஒரு கிலோமீட்டர் நீளமும் 115 அடி உயரமும் உள்ள, ஆசியாவிலேயே மிகப் பெரிய தொட்டிப்பாலம்." அடிக்குறிப்பு ஒன்றுதான். தகவலோ ஐந்து: ஆண்டு, கட்டியவர், நீளம், உயரம், 'மிகப் பெரிய'. அச்செடுத்த தாளில் பென்சிலால் ஐந்தாக வெட்டி எண் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த நூல், எத்தனையாம் பக்கம் என்று ஓரத்தில் எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதக்கூடாது, பக்கத்தைத் திறந்து பார்த்துத்தான் எழுத வேண்டும்.

இப்படி வெட்டியதுமே முதல் இரண்டும் மோதும். காமராஜர் 1963 அக்டோபரில் முதல்வர் பதவியை விட்டார். 1966-இல் முதல்வராக இருந்தவர் பக்தவத்சலம். திட்டம் காமராஜர் காலத்தில் தொடங்கி 1966-இல் முடிந்தது என்று சொல்ல வந்தீர்களா? அப்படியானால் தொடக்கத்துக்கு ஓர் ஆதாரம், முடிவுக்கு ஓர் ஆதாரம் வேண்டும். வாக்கியமும் இரண்டாக வேண்டும். அடுத்து நீளம். இதே பாலத்துக்கு 1240 அடி என்ற அளவும் பல குறிப்புகளில் வருகிறது. மீட்டரில் அது சுமார் 378. கிலோமீட்டரில் பாதிகூடத் தேறாது. கட்டுரைக்குள் இரண்டும் சேர்ந்து இருக்க முடியாது. பொதுப்பணித் துறை ஆவணம் கிடைக்கும்வரை எந்த அளவை எங்கே எடுத்தீர்கள் என்று சொல்லி எழுதுங்கள்.

'ஆசியாவிலேயே மிகப் பெரிய' என்பதுதான் கடினம். அதைச் சொல்பவர் மற்ற நாட்டுப் பாலங்களோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். பாலத்தடியில் உள்ள பலகையோ சுற்றுலாக் கையேடோ அந்த ஒப்பீட்டைக் காட்டாது. உங்கள் மூலம் 'பெரியவற்றில் ஒன்று' என்று மட்டும் சொன்னால் நீங்களும் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்று. கடைசிப் பத்தியிலிருந்து முதல் பத்திக்கு வாருங்கள். முன்னிருந்து படித்தால் கட்டுரையின் ஓட்டம் உங்களையும் இழுத்துக்கொண்டு போய்விடும், கண் எதிலும் நிற்காது.

கேள்வி: குடும்பத்துப் பழைய பத்திரங்களை வைத்து ஊர் வரலாறு எழுதியிருக்கிறேன். கொல்லம் ஆண்டோடு 825 கூட்டி எல்லாத் தேதியையும் மாற்றிவிட்டேன். சரிதானே அய்யா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், தக்கலை)

பதில்: பாதிதான் சரி. கொல்லம் ஆண்டு சிங்கத்தில், அதாவது நம் ஆவணியில், பிறக்கிறது. ஆகவே ஆவணியிலிருந்து டிசம்பர் முடியும்வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரிக்கு அப்புறம்தான் 825. பத்திரத்தில் '1068 விருச்சிகம்' என்றிருந்தால் அது கார்த்திகை, ஆகவே 1892. உங்கள் கணக்கில் 1893 ஆகியிருக்கும். தனு மாதத்தின் நடுவில் ஜனவரி பிறந்துவிடுவதால் அதற்கு நாளும் தெரிய வேண்டும். நாள் அழிந்திருந்தால் '1892-93' என்று போடுவதே நேர்மை. மூல ஆண்டையும் மாதத்தையும் விடாமல் பக்கத்திலேயே எழுதுங்கள். படிப்பவர் தானே கூட்டிப் பார்த்துக்கொள்வார். திருத்தியதும் படங்களின் கீழுள்ள வரிகளையும் சுருக்கத்தையும் பாருங்கள், பழைய எண் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கேள்வி: குளச்சல் போருக்கு ஒரு நூலில் 1741 ஜூலை 31, இன்னொன்றில் ஆகஸ்ட் 10. பழைய நாட்காட்டி, புதிய நாட்காட்டி வித்தியாசம் என்று ஒரு வரி எழுதி முடித்துவிடலாமா?
(குளச்சல் வாசகர்)

பதில்: அந்த வரியும் ஒரு தகவல்தான், அதற்கும் ஆதாரம் வேண்டும். அந்த நூற்றாண்டில் ஜூலியன், கிரிகோரியன் நாட்காட்டிகளுக்கு இடையே 11 நாள் வித்தியாசம். உங்கள் இரு தேதிகளுக்கும் இடையே 10 நாள்தான். ஒரு நாள் இடிக்கிறது. ஆகவே விளக்கத்தை விட்டுவிட்டு, இன்ன நூல் இன்ன தேதி தருகிறது என்று இரண்டையும் கொடுங்கள். உங்கள் வாதத்துக்கு நாள் தேவையில்லை என்றால் 1741 போதும்.

கேள்வி: திருவிதாங்கூர் பற்றிய ஒரு பழைய ஆங்கில நூலிலிருந்து மேற்கோள் காட்டியிருக்கிறேன். உண்மையில் எடுத்தது வேறொருவர் ஆய்வேட்டிலிருந்து. மூல நூல் கிடைக்கவில்லை.
(நாகர்கோவில் வாசகி)

பதில்: ஆய்வேட்டின் பெயரையும் பக்கத்தையும் போட்டு, 'அதில் எடுத்தாண்டபடி' என்று எழுதுங்கள். அவர் நடுவில் ஒரு சொல்லை விட்டிருந்தால் உங்களுக்குத் தெரிய வழியில்லை. ஆகவே அந்த மேற்கோளின் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதம் கட்ட வேண்டாம்.