ஒன்பது பிளவுஸ், நாலு வாரம்: நைட்டு ஆரி வொர்க் பண்றவங்களுக்கு

கேள்வி: வணக்கம் அக்கா. சோழிங்கநல்லூர்ல ஐடி கம்பெனில வேலை, வீடு மடிப்பாக்கம். ரெண்டு வருஷமா வீட்ல ஆரி வொர்க் பிளவுஸ் பண்றேன். ஆவணி முகூர்த்தத்துக்கு 9 பிளவுஸ் ஒத்துக்கிட்டேன், ஒண்ணு பிரைடல், மூணு மீடியம், அஞ்சு சிம்பிள். இருந்தது நாலே வாரம். தினமும் நைட்டு 2 மணி வரைக்கும் உக்காந்தும் ஒரு ரிசப்ஷன் பிளவுஸ் ஃபங்ஷன் முடிஞ்சப்புறம்தான் போய் சேர்ந்துது. இன்னும் மூணு பாக்கி. கழுத்து வலி, ஆபீஸ்லயும் தப்பு வருது. விட்டுடலாமா? – ஒரு வாசகி, மடிப்பாக்கம்

பதில்: விட வேண்டாம்மா. ஆனா மொதல்ல ஒரு கணக்கு போடுவோம், ஏன்னா 'என் உழைப்பு பத்தல, நான்தான் சோம்பேறி'ன்னு உங்களுக்கு ஒரு எண்ணம் உள்ள ஓடிட்டு இருக்கும், எனக்கும் ஓடிச்சு. நான் பதினோரு வருஷம் ஆபீஸ் போயிட்டே ஃப்ரேம் முன்னாடி உக்காந்தவ.

கை ஓரளவு ஓடுறவங்களுக்கு சிம்பிள் பிளவுஸ், அதாவது கழுத்தும் கை பார்டரும் மட்டும், ஒரு 6 மணி நேரம். மீடியம் 12. கை முழுக்க ஜர்தோசி, குந்தன், பின்கழுத்துல லோட் ஸ்டிச்சுன்னு போற பிரைடல் 30. இது என் கை வேகம், உங்களது கூடக்குறைய இருக்கும், அடுத்த பிளவுஸுக்கு ஃபோன்ல டைம் வச்சு பார்த்துக்கோங்க. இதுபடி உங்க ஒன்பதுக்கும் ஊசி வேலை மட்டுமே 96 மணி நேரம். இதுக்கு மேல அளவு வாங்குறது, டிசைன் அனுப்பி அனுப்பி பேசுறது, சௌகார்பேட்டை போய் மணி வாங்குறது, டெய்லர்கிட்ட குடுத்து வாங்குறதுன்னு ஒவ்வொரு பிளவுஸுக்கும் குறைஞ்சது 2 மணி நேரம், அதை யாருமே எண்ணுறதில்ல. மொத்தம் 114.

இப்போ உங்ககிட்ட இருக்குற நேரம். ஓஎம்ஆர் டிராஃபிக்ல வீடு வந்து, சாப்பிட்டு, ஒன்பதரைக்கு உக்காந்தா 11 மணி வரைக்கும் ஒன்றரை மணி நேரம். வாரத்துல நாலு நைட்டு வச்சா 6, சனி 4, ஞாயிறு 4, ஆக 14. அப்போ 114ங்கிறது எட்டு வாரத்து வேலை. அதை நாலு வாரத்துல வாங்கி வச்சுட்டு தூக்கத்துல இருந்து எடுத்து அடைச்சிருக்கீங்க. தப்பு நடந்தது தைக்கும்போது இல்ல, ஒத்துக்கும்போது.

அந்த 14லயும் 10 மணி நேரத்தைத்தான் விக்கணும். மிச்சம் 4 ஆபீஸ்ல ரிலீஸ் வர்ற வாரத்துக்கு, காய்ச்சலுக்கு, கரண்ட் கட்டுக்கு, வீட்டு விசேஷத்துக்கு. அப்போ நாலு வாரத்துக்கு 40 மணி நேரம். ஒரு பிரைடலும் ஒரு சிம்பிளும் எடுத்தா ஃபுல், இல்லன்னா அஞ்சு சிம்பிள், அவ்ளோதான். கம்மியா தெரியும், தெரியட்டும். அந்த நாலு வாரம் நிரம்பினதும் வர்றவங்ககிட்ட "இந்த முகூர்த்தத்துக்கு முடியாதுங்க, அடுத்ததுக்கு எடுத்துக்குறேன்"னு சொல்லிடுங்க, சொந்தக்காரங்களா இருந்தாலும். எனக்கு கஷ்டமா இருந்தது அங்கதான், சித்தி பொண்ணுகிட்ட முடியாதுன்னு சொல்ல நாக்கு எழும்பல, ஆனா ஃபங்ஷன் அன்னிக்கு பிளவுஸ் இல்லாம நிக்க வைக்கிறத விட அது எவ்வளவோ மேல்.

ஆர்டர் மறந்து போறதுக்கு காரணம் பெரும்பாலும் லன்ச் பிரேக். ஒருத்தங்க வாய்ஸ் நோட் அனுப்புவாங்க, நீங்க கேன்டீன்ல கேட்டுட்டு "ஓகேக்கா"ன்னு போட்டுருவீங்க, அவங்க ஆர்டர் குடுத்தாச்சுன்னு நினைப்பாங்க, உங்களுக்கு சாயந்திரம் ஞாபகமே இருக்காது. அதனால ஆர்டருக்குன்னு ஒரு நோட்டு போடுங்க, ரூல் ஒண்ணுதான், அட்வான்ஸ் வந்து நோட்டுல ஏறினாதான் ஆர்டர். மெசேஜுக்கெல்லாம் நைட்டு ஒன்பதுக்கு ஒரே தடவை பதில், அது வரைக்கும் வாட்ஸ்அப் பிசினஸ்ல அவே மெசேஜ் போட்டு "ஒன்பதுக்கு மேல பேசுறேன், அட்வான்ஸ் கட்டினப்புறம்தான் ஆர்டர் கன்ஃபர்ம்"னு வச்சிடுங்க. ஆபீஸ் நேரத்துல இத தொடவே தொடாதீங்க. அப்படியே உங்க ஆஃபர் லெட்டரையும் ஒரு தடவை படிங்க, வெளி வேலைக்கு எழுத்துல அனுமதி வாங்கணும்னு நிறைய கம்பெனில போட்டிருப்பாங்க.

நோட்டுல ஒவ்வொரு ஆர்டருக்கும் ரெண்டு தேதி. ஃபங்ஷன் தேதி ஒண்ணு, அதுல இருந்து 15 நாள் பின்னாடி போய் ஊசி வேலை முடியுற தேதி ஒண்ணு. நடுவுல இருக்குற 15 நாள்ல, சீசன் நெருக்கடில டெய்லருக்கு ஒரு வாரம் போயிடும், அப்புறம் போட்டுப் பார்த்து கை டைட், தோள் இறங்குதுன்னா சரி பண்ண நாலஞ்சு நாள் வேணும். நீங்க பார்த்து ஓட வேண்டியது ரெண்டாவது தேதிய. உங்க ரிசப்ஷன் பிளவுஸ ஃபங்ஷன் தேதிய வச்சு எண்ணியிருப்பீங்கன்னு நினைக்கிறேன். ஆடில கல்யாணம் இல்லையேன்னு சும்மா இருந்துடாதீங்க, ஆவணி பிளவுஸுக்கு ஃப்ரேம் கட்ட வேண்டிய மாசமே அதுதான். தைக்கு மார்கழி.

எந்த வேலைய எப்போ பண்றீங்கங்கறதும் முக்கியம். டிரேசிங், ஃப்ரேம் கட்டுறது, நூல் கலர் பார்க்குறது, இதெல்லாம் சனி ஞாயிறு பகல்ல மட்டும். ஒரு தடவை நான் அரக்கு பட்டுக்கு நைட்டு மஞ்ச பல்ப்ல நூல் மேட்ச் பண்ணி ஒரு கை முழுக்க செயின் ஸ்டிச் போட்டு முடிச்சுட்டேன், காலைல பால்கனில கொண்டு போய் பார்த்தா நூல் மெரூன், துணி அரக்கு, தனித்தனியா நிக்குது. அஞ்சு மணி நேர வேலைய பிரிச்சேன். நைட்டுக்கு ஃபில்லிங் மட்டும் வச்சுக்கோங்க, பகல்ல முடிவு பண்ணினத கை பாட்டுக்கு போடணும், யோசிக்கக் கூடாது. உக்காரும்போது துணிய விரலால சுண்டிப் பாருங்க, மேளம் அடிச்ச மாதிரி சத்தம் வரணும், ரெண்டு நாள்ல துணி தொய்ஞ்சிருக்கும், திரும்ப இழுத்துக் கட்டாம போட்டீங்கன்னா கழட்டினதும் சுருங்கும்.

உடம்பு முடியலங்கறது கழுத்து வலிக்கு முன்னாடியே ஃப்ரேம்ல தெரிஞ்சுடும். ஒவ்வொரு தடவை பிரிச்சு திரும்பப் போடும்போதும் நோட்டு ஓரத்துல ஒரு கோடு போட்டுட்டு வாங்க. கை அசந்துட்டா செயின் ஒரு இடத்துல இறுகி ஒரு இடத்துல லூசா வரும், மணி வரிசை கோணும். ஒரே நைட்டுல மூணு தடவை பிரிச்சா அன்னிக்கு அவ்ளோதான், லைட்ட அணைச்சுட்டு படுங்க, அதுக்கு மேல போடுறதெல்லாம் நாளைக்கு பிரிக்கப் போறதுதான்.

இப்போ அந்த மூணு. இன்னிக்கு நைட்டு ஊசி எடுக்காதீங்க. மூணு பேருக்கும் ஃபோன் பண்ணுங்க, மெசேஜ் வேணாம், குரல்ல பேசணும். யாருக்கு ஃபங்ஷன் கிட்ட இருக்கோ அத மட்டும் கைல வச்சுக்கோங்க. ஒண்ண தெரிஞ்ச ஆரி அக்கா யாருக்காவது கஸ்டமர்கிட்ட சொல்லிட்டே குடுங்க, லாபம் போனா போகட்டும். தேதி தள்ளிப் போனா பரவால்லன்னு சொல்றவங்களுக்கு 10 மணி நேரக் கணக்குல புது தேதி குடுங்க. தள்ள முடியாதுன்னா அவங்க கேக்குறதுக்கு முன்னாடி அட்வான்ஸ திருப்பி அனுப்பிடுங்க. ரிசப்ஷன் பிளவுஸ்காரங்களுக்கும் ஒரு தடவை நேர்ல போய் பணத்த குடுத்துட்டு வந்துடுங்கம்மா, பிளவுஸ் அவங்ககிட்டயே இருக்கட்டும்.