"கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா": அந்த 'இருந்தாலும்' எங்கே போய் உட்காருகிறது

கேள்வி: தங்கை நல்ல சிவப்பு, நான் கறுப்பு. சின்ன வயதில் சொந்தக்காரர்கள் எல்லாரும் அவளைத்தான் கொண்டாடுவார்கள். இப்போது எனக்கு 32 வயது, நல்ல வேலை. ஆனாலும் போட்டோ என்றால் பின்வரிசைக்கு ஓடுகிறேன், யாராவது பாராட்டினால் நம்ப முடியவில்லை. இது ஏன் போகமாட்டேன் என்கிறது?

பதில்:

காதில் விழுந்த கேலியைவிட வீட்டில் நடந்த பங்கீடுதான் ஆழமாக இறங்கும். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்க எந்தப் பிள்ளையை நிறுத்தினார்கள், தாம்பூலப் பை போட யாரை உள்ளே அனுப்பினார்கள், துணிக்கடையில் "இந்தக் கலர் உனக்கு எடுக்காது" என்று யாரிடம் சொன்னார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பாராட்டிலும் இதே கதைதான். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்றால் குழந்தை களையை விட்டுவிட்டு 'இருந்தாலும்' என்பதைப் பிடித்துக்கொள்கிறது. "இவ படிச்சுப் பொழச்சுக்குவா" என்றால் படிப்பே நிறத்துக்குக் கட்டும் ஈடாகிவிடுகிறது. நல்ல வேலை கிடைத்தும் கணக்கு நேராகாததற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது, நடத்தும் விதமே குணத்தையும் உண்டாக்கிவிடும். 1977இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. முன்பின் தெரியாத ஓர் ஆணும் பெண்ணும் போனில் பேச வேண்டும். ஆணிடம் ஓர் அழகான பெண்ணின் படத்தையோ சுமாரான பெண்ணின் படத்தையோ கொடுத்து, பேசப்போவது இவள்தான் என்றார்கள். அது அவளுடைய படமே அல்ல. இது அவளுக்குத் தெரியவும் தெரியாது. பிறகு பெண்ணின் குரலை மட்டும் வேறு ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அழகி என்று நினைத்துப் பேசப்பட்ட பெண்கள்தான் அதிக இணக்கமாகவும் கலகலப்பாகவும் பேசியதாக அவர்கள் சொன்னார்கள். பத்து நிமிடப் பேச்சிலேயே இப்படியென்றால், பதினைந்து வருஷ கோடை விடுமுறைகளைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். "சின்னவ கலகலன்னு பேசுவா, பெரியவ உம்மணாமூஞ்சி" என்று அத்தை சொல்லும் அந்தப் பெரியவளை உருவாக்கியதில் அத்தைக்கும் பங்கு உண்டு.

வளர்ந்த பிறகு ஏன் நீடிக்கிறது என்பதற்கு 1980இல் வெளியான இன்னொரு சோதனை பொருந்தும். சோதனைக்கு வந்தவர்களின் முகத்தில் மேக்கப்பால் தழும்பு வரைந்து, கண்ணாடியில் காட்டி, காயாமலிருக்க ஏதோ தடவுவதுபோல அதை அவர்களுக்குத் தெரியாமலே அழித்துவிட்டார்கள். தழும்பு இருப்பதாக நம்பியே போய்ப் பேசியவர்கள், எதிராளி அதனால்தான் சங்கடமாக நடந்துகொண்டதாகத் திரும்பி வந்து சொன்னார்கள். எதிராளி பார்வையைத் திருப்புவது எந்தப் பேச்சிலும் நடப்பதுதான். மனதில் தழும்பு இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் தெரியும்.

ஆகவே மனதைத் தேற்றுவதைவிட, கணிப்பை எழுதிச் சோதிப்பதுதான் பலன் தரும். ஓர் உதாரணம்: அலுவலக விழாவுக்குக் கடுகு மஞ்சள் புடவை. முந்தின நாளே எழுதுங்கள்: "குறைந்தது 3 பேராவது பொருந்தவில்லை என்று ஏதாவது சொல்வார்கள், இதை 80 சதவீதம் நம்புகிறேன்." வழக்கமான தற்காப்புகளை விட்டுவிட்டுப் போங்கள். கூடுதல் பவுண்டேஷன் வேண்டாம், குரூப் போட்டோவில் முன்வரிசையில் நில்லுங்கள். அன்றிரவே வாய்விட்டுச் சொல்லப்பட்டதை மட்டும் எண்ணி, நம்பிக்கைக்கு மறுபடி சதவீதம் போடுங்கள். 80 ஒரே நாளில் 20 ஆகாது. 65 ஆனாலே அது வேலை செய்கிறது என்று அர்த்தம்; வேறு வேறு இடங்களில் ஆறேழு முறை செய்ய வேண்டியிருக்கும்.

இது சொதப்பும் இடங்கள் இரண்டு. "எனக்கு நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டால், வரும் பதிலை 'கேட்டதால் சொன்னார்கள்' என்று மனம் தள்ளிவிடும். மற்றவர் முகபாவத்தை ஆதாரமாக எடுத்துக்கொண்டால் தழும்புக் கதைதான் திரும்பவும் நடக்கும்.

முதல் சோதனையை சொந்தக்காரர் வீட்டில் வைக்காதீர்கள். அங்கே நிஜமாகவே சொல்வார்கள், அது உங்கள் கற்பனை இல்லை. அங்கே தேவை ஒரே வாக்கியம்: "அத்தை, கலரைப் பத்திப் பேச வேண்டாமே." சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள், விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் பட்டிமன்றமாகிவிடும். அடுத்த தலைமுறைக் குழந்தையைப் பற்றிச் சொன்னால், அதன் முன்னாலேயே தடுக்க வேண்டும். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் அத்தைக்குத்தான் புரியும், குழந்தைக்குத் தெரியாது.

தங்கையையும் லேசில் தப்பியவளாக நினைக்க வேண்டாம். முகத்துக்காகவே கொண்டாடப்பட்டவருக்குப் பிரசவத்துக்குப் பின் எடை கூடுவதும் மங்கு விழுவதும் பெரிய இடியாக இறங்கலாம். இருவரும் இதை ஒருமுறை பேசிக்கொள்வது நல்லது, யார் அதிகம் பட்டோம் என்ற போட்டி இல்லாமல்.

நிறம் மாற்ற கிரீம் தேடுகிறீர்கள் என்றால் அட்டையில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருக்கின்றனவா பாருங்கள். இவை ஸ்டீராய்டுகள். முதலில் பளிச்சென்று காட்டும், மாதக்கணக்கில் முகத்தில் போட்டால் தோல் மெலியும், நிறுத்தினால் சிவந்து எரியும். ஏற்கெனவே போட்டு வருகிறீர்கள் என்றால் தோல் மருத்துவரைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

தோற்றத்தைப் பற்றிய நினைப்பும் கண்ணாடி பார்ப்பதும் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, அதனால் வேலைக்கோ விசேஷங்களுக்கோ போக முடியவில்லை என்றால், புடவைச் சோதனை போதாது. மனநல மருத்துவரிடம் போய் இந்த மணிக்கணக்கை அப்படியே சொல்லுங்கள். அதற்கென்று பேச்சு சிகிச்சையும் மருந்தும் இருக்கின்றன.