பான் இல்லையென்று பிடித்த 20 சதவீதம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: நான் பெயின்டிங் ஒப்பந்தக்காரர். 2025-26-ல் ஒரு நிறுவனத்துக்கு 4 லட்சம் ரூபாய்க்கு வேலை செய்தேன். பான் தரவில்லை என்று 80,000 ரூபாய் டி.டி.எஸ். பிடித்துவிட்டார்கள். என்னிடம் பான் இருக்கிறது. கேட்டால், "அரசுக்குக் கட்டியாகிவிட்டது" என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: உங்கள் பணம் போய்விடவில்லை. அரசிடம் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் உங்கள் பெயரில் இருக்காது. தனிநபர் ஒப்பந்தக்காரருக்கு 1 சதவீதம், அதாவது 4,000 ரூபாய்தான் பிடிக்க வேண்டும். பான் இல்லாவிட்டால் 20 சதவீதம்.

முதலில் வருமான வரி இணையதளத்தில் உங்கள் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து பாருங்கள். அதில் 80,000 ரூபாய் வரவாகியிருந்தால், அவர்களிடம் உங்கள் பான் இருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஆதாருடன் இணைக்காததால் அது செயலிழந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் 20 சதவீதம்தான் பிடிப்பார்கள். அதை நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். இணைக்கும் வரை ரீஃபண்டும் வராது.

எதுவுமே வரவாகவில்லை என்றால், அவர்கள் தாக்கல் செய்த காலாண்டு அறிக்கையான 26கியூவில் உங்கள் பான் இருக்க வேண்டிய இடத்தில் `PANNOTAVBL` என்று இருக்கும். உங்கள் விஷயம் பெரும்பாலும் இதுதான். பான் அட்டை நகல், பில்கள், பணம் வந்த தேதிகள் ஆகியவற்றை இணைத்து, அந்தக் காலாண்டுக்குத் திருத்த அறிக்கை தாக்கல் செய்யும்படி எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் கணக்குப் பிரிவில் அப்படியே கிடக்கும்.

கடிதத்தில் ஒன்றைத் தெளிவாக எழுதுங்கள்: பான் எண்ணை மட்டும் திருத்த வேண்டும், பிடித்த தொகை 80,000 ஆகவே இருக்க வேண்டும். சில கணக்காளர்கள் விகிதத்தையும் 1 சதவீதமாக மாற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் உங்களுக்கு 4,000 ரூபாய்தான் வரவாகும். மீதி 76,000 ரூபாயை அவர்கள் உங்களுக்கே தந்தாலொழிய அது உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

திருத்தம் ஏறியதும் 26ஏஎஸ்ஸில் 80,000 தெரியும். பிறகுதான் ரிட்டர்ன் போடுங்கள். அதற்கு முன் கோரினால் வரவு ஒத்துப்போகாது. வருமானத்தில் கைக்கு வந்த 3.2 லட்சத்தை அல்ல, முழு 4 லட்சத்தையும் காட்ட வேண்டும். உதாரணமாக, உங்கள் ஆண்டு வரவு 15 லட்சம், எல்லாமே வங்கி வழியாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். 44ஏடி பிரிவின்படி அதில் 6 சதவீதம், அதாவது 90,000 ரூபாயை லாபமாகக் காட்டலாம். உண்மையான லாபம் அதைவிட அதிகமென்றால் அதைத்தான் காட்ட வேண்டும். வேறு வருமானம் இல்லாவிட்டால் வரி பூஜ்யம். 80,000 முழுவதும் ரீஃபண்டாக வரும்.

இனி ஒவ்வொரு பில்லிலும் பான் எண்ணை அச்சிடுங்கள். நிறுவனம் இழுத்தடித்தால், அதன் டான் எண்ணைக் குறிப்பிட்டு, கடித நகலுடன் அந்த நிறுவனத்துக்குரிய வருமான வரித் துறை டி.டி.எஸ். அதிகாரியிடம் புகார் கொடுங்கள்.