அத்தை வாழ்ந்த பத்து வருடம்

அன்புள்ள சார்,

ஸ்பானிஷ் வகுப்பில் பழைய கதை ஒன்றை எழுதச் சொன்னார்கள். ஸ்பானிஷின் இரண்டு இறந்தகால வடிவங்களில், நீண்ட நாள் நடந்ததற்கு இம்பர்ஃபெக்ட், சட்டென்று முடிந்ததற்கு ப்ரெட்டரிட் என்றுதான் படித்திருந்தேன். அதனால் 'அத்தை செவியாவில் பத்து வருடம் வாழ்ந்தார்' என்பதற்கு 'விவியா' என்று போட்டேன். ஆசிரியர் அதை அடித்து 'விவியோ' ஆக்கிவிட்டார். பத்து வருடம் நீண்ட காலம் இல்லையா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

ஆசிரியர் திருத்தியதுதான் சரி. ஒரு செயல் எவ்வளவு நேரம் நீண்டது என்பதை ஸ்பானிஷ் பொருட்படுத்துவதில்லை. அதை முடிவோடு சேர்த்து முழுசாகப் பார்க்கிறீர்களா, நடுவில் நின்று பார்க்கிறீர்களா என்பதுதான் கணக்கு. 'பத்து வருடம்' என்று சொன்னதுமே அந்த வாசத்தை அளந்து மூடிவிட்டீர்கள். அங்கே ப்ரெட்டரிட்தான் வரும்: 'விவியோ தியெஸ் ஆஞோஸ்'. நூறு வருடம் என்றாலும் அதேதான்.

அதே அத்தைக்கு 'விவியா'வும் பொருந்தும். 'குவாந்தோ நஸி, மி தியா விவியா என் செவியா': நான் பிறந்தபோது அத்தை செவியாவில் இருந்தார். எப்போது போனார், எப்போது திரும்பினார் என்ற பேச்சே இதில் இல்லை.

தப்பாகப் போட்டால் சில சமயம் கதையே மாறிவிடும். 'குவாந்தோ யெகே, லொஸ் நிஞோஸ் கொமீயான்' என்றால், நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். 'கொமியேரோன்' என்று மாற்றினால், நான் வந்த பிறகு சாப்பிட்டார்கள். எனக்காகக் காத்திருந்தார்கள் என்றுகூடக் கேட்பவர் நினைக்கலாம்.

இதற்காக இம்பர்ஃபெக்ட் என்றாலே 'கொண்டிருந்தான்' என்று மனப்பாடம் செய்துவிடாதீர்கள். 'சின்ன வயதில் ஆற்றில் குளிப்போம்' என்பதும், 'அத்தை உயரமாக இருந்தார்' என்பதும் இம்பர்ஃபெக்ட்டில்தான் வரும்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ப்ரெட்டரிட் வினைகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள்: வந்தேன், கதவைத் தட்டினேன், அத்தை திறந்தார், அழுதார். கதையின் எலும்புக்கூடு அதில் நிற்க வேண்டும். மழை, வயது, வீட்டின் நிறம், அத்தை உடுத்தியிருந்த புடவை எல்லாம் இம்பர்ஃபெக்ட்டில் மிஞ்சும். எல்லாமே இம்பர்ஃபெக்ட்டாக இருந்தால் கேட்பவர் 'ஈ கே பஸோ?', சரி, அப்புறம் என்ன ஆச்சு என்பார். எல்லாமே ப்ரெட்டரிட்டாக இருந்தால் போலீஸ் புகார் மாதிரி இருக்கும்.

இன்னொன்று. ஸ்பானிஷ் செய்தித்தாளில் 'தோஸ் தியாஸ் தெஸ்புவெஸ் மொரியா என் மத்ரீத்' என்பது போல ஒரு வரி கண்ணில் படலாம். இரண்டு நாள் கழித்து மத்ரீத்தில் இறந்தார் என்று அர்த்தம். முடிந்துபோன சாவுக்கு இம்பர்ஃபெக்ட். செய்தியாளர்களும் வாழ்க்கை வரலாறு எழுதுபவர்களும் காட்சியைக் கண்முன் நிறுத்தச் செய்கிற வேலை அது. தேர்வுத் தாளில் போட்டால் ஆசிரியர் மறுபடியும் அடிப்பார்.