பார்லர் போர்டு, ரேட் கார்டு: நீங்க கேட்டதுக்கு பதில்

அக்கா, 10க்கு 3 அடி போர்டு வச்சிருக்கேன், ஆனா ப்ளவுஸ் தைப்பீங்களான்னு கேட்டு உள்ள வர்றாங்க. போட்டோ அனுப்பியிருக்கேன்.

பாத்தேன்மா. கடை பேரு வளைஞ்சு வளைஞ்சு இங்கிலீஷ்ல இருக்கு, அதுல பார்லர்னு ஒரு வார்த்தைகூட இல்ல, கீழ 14 சர்வீஸ் பொடி எழுத்துல, பாதி போர்டுக்கு பட்டுப்புடவை கட்டின நடிகை, அப்போ தையல் கடைன்னுதானே நினைப்பாங்க. போர்டு போடுறவங்க 10 அடி தூரத்துக்கு 1 இன்ச் எழுத்துன்னு ஒரு கணக்கு வச்சிருப்பாங்க. உங்க ரோடு 40 அடின்னா எதிர்ப்பக்கம் நிக்கிறவங்களுக்கே 4 இன்ச் வேணும், வண்டியில போறவங்களுக்கு இன்னும் பெருசா. 3 அடின்னா 36 இன்ச், அதுல "லேடீஸ் பியூட்டி பார்லர்" 10 இன்ச், கடை பேரு 6, "ஐப்ரோ, ஹேர் கட், ஃபேஷியல்" 5, மிச்சம் காலியா விடுங்க. மத்த சர்வீஸ் எல்லாம் கதவுகிட்ட ஒட்டுற கார்டுல வரட்டும். நம்ம ஊர்ல தமிழ்தான் முதல்ல, பெருசா இருக்கணும்னு ரூலே இருக்கு. நடிகை படத்த எடுத்துடுங்க, அனுமதி இல்லாம போடுறது வம்பு.

ஹேர் ஸ்பா "499 முதல்"னு போட்டேன், பில் போடும்போது தினம் சண்டை.

சண்டைக்கு காரணம் அந்த "முதல்"தான். 499ன்னு மனசுல வச்சுட்டு வந்தவங்ககிட்ட எழுந்திரிக்கும்போது 900ன்னா ஏமாத்திட்டாங்கன்னுதான் தோணும், நீங்க நியாயமாத்தான் வாங்கியிருப்பீங்க, நீள முடிக்கு க்ரீமும் அதிகம் நேரமும் அதிகம், ஆனா அது அவங்களுக்கு உக்காரும் முன்னாடியே தெரியணும்ல. மூணு வரியா பிரிச்சு போடுங்க: தோள் வரை 500, நடு முதுகு வரை 700, இடுப்பு வரை 900. பக்கத்துல பின்பக்கத் தலை படம் ஒண்ணு வரைஞ்சு மூணு கோடு போட்டா "என் முடி எதுல வரும்"ங்கிற கேள்வியே வராது. ஹேர் வாஷ், ட்ரையர் சேத்தா இல்லையான்னும் அதே வரியில எழுதுங்க, நான் பாத்த வரைக்கும் பாதி தகராறு இதுலதான் வருது. ஃபேஷியலும் இப்படித்தான், வெறும் "கோல்டு"ன்னு போட்டா என்ன புரியும், எந்த கம்பெனி கிட், எத்தனை நிமிஷம்னு போடுங்க. பிரிண்டுக்கு குடுக்கும் முன்னாடி உங்க கடைக்கே வராத ஒருத்தங்ககிட்ட கார்ட நீட்டி "உங்க முடிக்கு எவ்ளோ ஆகும்"னு கேளுங்க, அவங்க திருப்பி உங்களையே கேட்டா கார்டு இன்னும் சரியாகல.

பிரஸ்ல "கொண்டை" எழுத்து பிரிஞ்சு வந்துடுச்சு, 200 கார்டு வேஸ்ட்.

வாட்ஸ்அப்ல அனுப்புன டெக்ஸ்ட பழைய சாஃப்ட்வேர்ல ஒட்டினா கொம்பும் காலும் இடம் மாறிடும். அவங்களையே டைப் பண்ண சொல்லி, ஒரே ஒரு காப்பி பேப்பர்ல எடுத்து வாசிச்சுட்டு அப்புறம் ஓகே சொல்லுங்க. லேமினேஷன் மேட்ல போடுங்க, பளபளப்புல ட்யூப்லைட் அடிச்சு ரேட்டே தெரியாது.